ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து முழுக்கத் தமிழில்தான் எழுதினேன், அதுவும் காப்பியா?

நொய்யல்கரை (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். கோயமுத்தூரில் இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நொய்யலும் சாயக்கழிவும் பற்றித் தமிழில் புராஜெக்ட் எழுதுகிறேன். இன்றைக்கு என் கைடு இரண்டாம் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு போட்டு, "இது உன் எழுத்து இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் எந்தத் தமிழ்ப் புத்தகத்தையும் பார்த்து எழுதவில்லை. ஆங்கிலப் புத்தகத்தைப் படித்து, ஒவ்வொரு வார்த்தைக்கும் தமிழ் தேடி, உட்கார்ந்து எழுதினேன். மூன்று நாள் ஆனது. புத்தகத்தின் பெயரைக் கடைசிப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். அப்படியிருந்தும் ஏன் காப்பி என்கிறார் என்று புரியவில்லை. அவர் கோடு போட்ட ஒரு பத்தி இது:

"பருத்தித் துணிகளுக்குச் சாயமிடுவதில் பெருமளவிலான உப்பு பயன்படுத்தப்படுகிறது, இது சாயத்தின் தீர்வை ஊக்குவிக்கிறது. அடர் நிறங்களுக்கு ஒரு லிட்டருக்கு 80 கிராம் வரை உப்பு தேவைப்படலாம். இந்த உப்பு துணியால் உறிஞ்சப்படுவதில்லை மற்றும் ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரில் வெளியேற்றப்படுகிறது. வழக்கமான சுத்திகரிப்பு முறைகள் நிறத்தையும் கரிமப் பொருட்களையும் அகற்றும் அதே வேளையில், கரைந்த உப்புகளை அகற்றுவதில் அவை பயனற்றவையாக உள்ளன."

வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். எப்படி மாற்றுவது?

கொடிவேரி (திங்கள், இரவு 10.05)

பயப்படாதீங்க. நான் எம்.ஏ. முதல் வருடம், போன வருடம் இதே பிரச்சினையில் இருந்து வெளியே வந்தேன். யு.ஜி.சி. 2018 விதிப்படி பத்து சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை கிடையாது. தொடர்ந்து 14 வார்த்தை வரை ஒத்துப்போனாலும் கணக்கில் வராது. நீங்கள் எழுதியிருப்பது தமிழ், மூலம் ஆங்கிலம். மென்பொருளில் போட்டால் ஒன்றுமே காட்டாது. இருந்தாலும் கைடு மனம் நிறைய வார்த்தைகளை மாற்றிவிடுங்கள். 'பருத்தி' என்பதைப் 'பஞ்சு' ஆக்குங்கள், 'பயன்படுத்தப்படுகிறது' என்பதை 'உபயோகிக்கப்படுகிறது' ஆக்குங்கள். அடைப்புக்குறிக்குள் ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டால் முடிந்தது.

பக்கம்புரட்டி (செவ்வாய், காலை 6.20)

நான் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். வருடத்துக்கு நாற்பது புராஜெக்டாவது என் கைக்கு வரும்.

கொடிவேரி, அந்த விதியில் நீங்கள் சொன்ன எண்கள் சரிதான். ஆனால் அவை இந்த இடத்துக்கு உரியவை அல்ல. அந்த விதி பேசுவது முதுகலை, ஆய்வுப் பட்டங்களுக்குக் கொடுக்கும் ஆய்வேடு பற்றியும் வெளியிடும் கட்டுரை, நூல் பற்றியும். அசைன்மென்ட், புராஜெக்ட் அறிக்கை, தேர்வுத் தாள் எல்லாவற்றையும் அதன் வரையறையே விலக்கி வைத்திருக்கிறது. இளங்கலைக்குக் கல்லூரியும் கைடும் வைப்பதுதான் சட்டம். 14 வார்த்தை என்பதும் எல்லோருக்கும் தெரிந்த செய்தியோ தற்செயலான சொற்றொடரோ ஒத்துப்போவதற்குக் கொடுத்த இடம். 14 வார்த்தை வரை எடுத்துக்கொள் என்ற அனுமதி அல்ல.

இப்போது நொய்யல்கரைக்கு. அம்மிணி, உன் பத்தியில் நாலு வாக்கியம் இருக்கிறது. மூலத்திலும் நாலு வாக்கியம்தான் இருந்திருக்கும். முதலில் உப்பு, இரண்டாவது அளவு, மூன்றாவது கழிவுநீருக்குப் போவது, நாலாவது சுத்திகரிப்பு, இதே வரிசையும் இருந்திருக்கும். நான் அந்தப் புத்தகத்தைப் பார்க்கவில்லை. உன் தமிழைப் பார்த்தே சொல்கிறேன். 'இது ஊக்குவிக்கிறது' என்று காற்புள்ளிக்குப் பிறகு வால் தொங்குகிறதே, அது ஆங்கில வாக்கியத்தின் வால். 'துணியால் உறிஞ்சப்படுவதில்லை மற்றும்' என்று நம் ஊரில் யார் பேசுகிறார்கள்? 'அகற்றும் அதே வேளையில்' என்பதும் அப்படித்தான். உன் கைடுக்கு மென்பொருள் தேவையே இல்லை, இந்த மூன்று இடம் போதும்.

சொல் எல்லாம் தமிழாகியும் எலும்புக்கூடு அந்த ஆசிரியருடையதாகவே நிற்கிறது. எதை முதலில் சொல்வது, எதை எதோடு சேர்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் அவர் செய்த வேலை. உன்னுடையது மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பு நல்ல வேலைதான், ஆனால் அதை மொழிபெயர்ப்பு என்று சொல்லிச் செய்ய வேண்டும். கொடிவேரி சொன்னபடி பருத்தியைப் பஞ்சாக்கினால் எலும்புக்கூடு அப்படியே இருக்கும், சட்டை மட்டும் மாறும்.

இன்னொன்று கேட்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டுப் பதில் சொல்லு: 'சாயத்தின் தீர்வை ஊக்குவிக்கிறது' என்றால் என்ன? சாயத்தில் உப்பை எதற்குப் போடுகிறார்கள்?

நொய்யல்கரை (செவ்வாய், மாலை 5.15)

சார், மூடிவிட்டு எழுதிப் பார்த்தேன். "உப்பு போட்டால் சாயம் சீக்கிரம் தீர்ந்துவிடும்" என்றுதான் வருகிறது. ஆங்கிலத்தில் இருந்த வார்த்தை 'எக்ஸாஸ்ஷன்'. அகராதியில் சோர்வு, தீர்ந்துபோதல் என்று இருந்தது. சாயம் சோர்ந்துபோகாது என்பதால் 'தீர்வு' என்று போட்டேன். ஆனால் சாயம் தீர்ந்துபோக எதற்குக் காசு கொடுத்து உப்பு வாங்கிப் போட வேண்டும்? எனக்கே தெரியவில்லை.

சாயமாஸ்டர் (செவ்வாய், இரவு 8.50)

திருப்பூரில் சாயப்பட்டறையில் 26 வருடம் வேலை பார்த்தவன். கண்ணு, அந்த வார்த்தைக்கு அர்த்தம் வேறு. துணி கிடக்கிற தண்ணீரில் சாயம் கலந்திருக்கும். அந்தச் சாயம் தண்ணீரை விட்டுத் துணியில் ஏற வேண்டும். தண்ணீரில் சாயம் குறையக் குறையத் துணியில் நிறம் கூடும். தண்ணீர்ப் பக்கம் நின்று பார்த்தால் சாயம் தீர்கிறது, துணிப் பக்கம் நின்று பார்த்தால் சாயம் ஏறுகிறது. நாங்கள் 'சாயம் ஏறுது' என்றுதான் சொல்வோம்.

உப்பு எதற்கு என்றால், பருத்தி தண்ணீரில் நனைந்ததும் அதன்மேல் எதிர்மின்னூட்டம் வரும். ரியாக்டிவ் சாயத்துக்கும் தண்ணீரில் எதிர்மின்னூட்டம்தான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். உப்பைப் போட்டால் அந்தத் தள்ளல் அடங்கும், சாயம் நூலுக்குள் போகும். அவ்வளவுதான் உப்பின் வேலை. சாயத்தை நூலோடு பிணைத்துப் பிடிக்க வைப்பது அப்புறம் போடுகிற சோடா. அந்தப் பிணைப்பில் உப்பு சேராது. வேலை முடிந்ததும் தண்ணீரோடு வெளியே போய்விடும்.

அளவும் சொல்கிறேன். நூறு கிலோ துணிக்கு, கிலோவுக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால் 800 லிட்டர். லிட்டருக்கு 80 கிராம் உப்பு என்றால் 64 கிலோ. கருப்பு, நேவி மாதிரி நிறத்துக்கு ஒரு லாட்டுக்கு இத்தனை மூட்டை என்று தோளில் தூக்கிப் போட்டிருக்கிறோம். வெளிர் நிறத்துக்கு இவ்வளவு ஆகாது.

மஞ்சள்மண்டி (செவ்வாய், இரவு 9.30)

நல்ல சமயத்தில் இந்தப் பேச்சு வந்தது. மஞ்சள் வேகவைத்துக் காயப்போடுவது பற்றி நான் எழுதிய கட்டுரையை ஒருவர் வரிக்கு வரி எடுத்துத் தன் பெயரில் ஒரு மலரில் போட்டுவிட்டார். கேட்டால் "கடைசியில் நன்றி என்று போட்டிருக்கிறேனே" என்கிறார். என் அனுமதி வேண்டாமா? வழக்குப் போட முடியுமா?

பக்கம்புரட்டி (புதன், காலை 6.10)

மஞ்சள்மண்டி ஐயா, உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் அது பதிப்புரிமைக் கேள்வி, வக்கீலிடம் போக வேண்டியது. இங்கே பேசுவது வேறு. நூறு வருடத்துக்கு முன் வந்து உரிமையெல்லாம் தீர்ந்துபோன புத்தகத்தில் இருந்து எடுத்தாலும், பெயர் சொல்லாமல் எடுத்தால் கல்லூரியில் அது திருட்டுதான். அதற்கு அனுமதி வாங்க வேண்டியதில்லை, யார் சொன்னது என்று சொன்னால் போதும்.

மாஸ்டர் சொன்னதைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் உறுதியாயிற்று. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 1990களில் இந்த மாதிரி எழுத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மூலத்தின் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அங்கங்கே சொல்லை மட்டும் மாற்றி ஒட்டுப்போடுவது. மாணவர்கள் ஏமாற்ற வேண்டும் என்று இதைச் செய்வதைவிட, மூலம் புரியாததால் செய்வதே அதிகம் என்பது அவர் பக்கம். என் அனுபவமும் அதுதான். புரியாத இடத்தில் நாம் வாக்கியத்தை விட மாட்டோம். விட்டால் விழுந்துவிடுவோம் என்று கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம். உன் பத்தியில் 'தீர்வு' அப்படிப் பிடித்துக்கொண்ட இடம்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பத்தியை இரண்டு மூன்று முறை படி. தெரியாத சொல்லுக்கு அகராதியோடு நிற்காதே, அந்தத் தொழிலில் அதற்கு என்ன அர்த்தம் என்று தேடு. பிறகு புத்தகத்தை மூடி, திரையில் படித்தால் திரையையும் மூடி, ஒரு தாளில் குறிப்பு எடு. குறிப்பில் முழு வாக்கியம் கூடாது. '80 கி / லி வரை, அடர் நிறம்', 'துணியில் தங்காது, ஏறத்தாழ எல்லாம்' என்று துண்டுதான் இருக்க வேண்டும். பக்க எண்ணையும் அப்போதே எழுதிக்கொள். முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். புத்தக வாக்கியத்தையே நோட்டில் எழுதி வைத்துவிட்டு, பத்து நாள் கழித்து அதைத் தன் வாக்கியம் என்று நினைத்துக்கொள்வார்கள். எதையாவது அப்படியே எடுத்தால் நோட்டிலேயே மேற்கோள் குறி போட்டுவிடு.

அப்புறம் அந்தத் தாளையும் தள்ளி வைத்துவிட்டு வீட்டில் யாருக்காவது வாயால் சொல்லு. உன் அம்மாவுக்குச் சொன்னால் 'சாயத்தின் தீர்வை ஊக்குவிக்கிறது' என்று சொல்ல மாட்டாய். சொன்னதை எழுது. எழுதும்போது, என் அத்தியாயத்துக்கு இந்தச் செய்தி எதற்கு வேண்டும் என்று கேட்டுக்கொள். அந்தப் புத்தகம் சாயமேற்றுவதை விளக்க வந்தது, அதனால் உப்பில் தொடங்குகிறது. நீ நொய்யல் தண்ணீரைப் பற்றி எழுதுகிறாய், நீ தொடங்க வேண்டிய இடம் வேறு. இதைச் செய்தாலே வரிசை தானாக மாறும். மாற்ற வேண்டும் என்று மாற்றினால் கோணலாகத்தான் வரும்.

கடைசியில் புத்தகத்தைத் திறந்து ஒத்துப் பார். இது இரண்டு காரியத்துக்கு. வாக்கியம் அதன் சாயலில் வந்துவிட்டதா என்பது ஒன்று. அவர் சொல்லாததைச் சொன்னதாக எழுதிவிட்டோமா என்பது இன்னொன்று.

நொய்யல்கரை (புதன், இரவு 10.20)

அம்மாவுக்குச் சொல்லிப் பார்த்தேன் சார். அவர் கேட்ட முதல் கேள்வியே "அப்புறம் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் ஏன் தென்னைக்குப் பாய்ச்ச முடியவில்லை?" என்பதுதான். அங்கிருந்தே தொடங்கினேன்.

"நிறம் போய்த் தெளிந்துவிட்டதால் மட்டும் சாயக்கழிவு நல்ல தண்ணீராகிவிடாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தையும் கரிமக் கழிவையும் எடுத்தாலும், கரைந்திருக்கும் உப்பை எடுப்பதில்லை. அந்த உப்பு சாயம் நூலில் ஏறுவதற்காகப் போடப்பட்டது. பிணைப்பை உண்டாக்குவது சோடாதான் என்பதால், உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியேறுகிறது. அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு போடுகிறார்கள். 100 கிலோ துணிக்கு இது 64 கிலோ ஆகிறது (ஆசிரியர், ஆண்டு, பக்கம்)."

கொடிவேரி (புதன், இரவு 10.45)

நன்றாக இருக்கிறது. நான் சொன்னதைவிட இது மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். இனி யாரும் கோடு போட மாட்டார்கள்.

பக்கம்புரட்டி (வியாழன், காலை 6.00)

எழுத்து உன்னுடையதாகிவிட்டது. முதல் வாக்கியத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் நான் இன்னும் கோடு போடுவேன். இந்த முறை வேறு காரணத்துக்கு.

உன் முதல் பத்தியையே மூலமாக வைத்து ஒத்துப் பார்த்தேன். அங்கே '80 கிராம் வரை தேவைப்படலாம்' என்று இருந்தது. இப்போது '80 கிராம் போடுகிறார்கள்' ஆகிவிட்டது. 'வரை', 'லாம்' இரண்டும் போய்விட்டன. உச்ச அளவு வழக்கமான அளவாக மாறிவிட்டது. 'ஏறத்தாழ முழுவதும்' என்பது 'முழுவதும்' ஆகியிருக்கிறது. ஆங்கிலத்தில் இருந்து சொந்த வாக்கியத்துக்கு வரும்போது முதலில் உதிர்வது இந்தச் சின்னச் சொற்கள்தான். ஆனால் ஆசிரியர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பது அவற்றில்தான் இருக்கிறது.

அடுத்தது திருப்பூர். மூலம் பொதுவாகப் பருத்திச் சாயத்தைப் பற்றிப் பேசுகிறது, வழக்கமான சுத்திகரிப்பைப் பற்றிப் பேசுகிறது. நீ அதைத் திருப்பூர் நிலையங்களின்மேல் வைத்துவிட்டாய். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. எல்லாம் வைத்து ஓட்டுகிற நிலையங்கள் அங்கே இருக்கின்றன. ஆக அந்த வாக்கியம் அவர் சொன்னதும் அல்ல, இன்றைக்கு முழு உண்மையும் அல்ல.

மூன்றாவது, சோடா. அது மாஸ்டர் சொன்னது. 64 கிலோ கணக்கும் அவருடையது. இரண்டையும் அந்த ஆசிரியரின் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டாய். வாசிப்பவர் அந்தப் பக்கத்தைத் திறந்து தேடுவார், இருக்காது. ஒருவர் சொன்னதை எடுத்துக்கொண்டு பெயர் சொல்லாமல் விடுவது எவ்வளவு தப்போ, அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவதும் அவ்வளவு தப்பு.

ஆனைமலை (வியாழன், காலை 11.30)

எனக்கு இது நடந்திருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண் நான். போன செமஸ்டரில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடைப்புக்குறிக்குள் பெயர் போட்டேன். ஒன்றுகூட விடவில்லை. ஆனாலும் பூஜ்யம். "பெயர் போட்டிருக்கிறாய், ஆனால் வாக்கியமும் அவருடையதுதானே, மேற்கோள் குறி எங்கே?" என்று கேட்டார்கள். பெயர் சொன்னால் போதும் என்றுதான் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்தார்கள். யாரும் இப்படிப் பிரித்துச் சொல்லவே இல்லை. மேற்கோள் குறி போட்டு மொழிபெயர்த்து எழுதலாமா சார்?

பக்கம்புரட்டி (வியாழன், மதியம் 1.15)

தாராளமாக எழுதலாம். மேற்கோள் குறி போட்டு, பக்க எண் கொடுத்து, 'மொழிபெயர்ப்பு என்னுடையது' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. சட்ட வாசகம், வரையறை, ஒரு சொல் மாறினாலும் பொருள் கெடும் இடம், இங்கெல்லாம் அதுதான் சரி. ஆனால் பக்கத்துக்கு நாலு இப்படி வந்தால் உன் எழுத்து எங்கே என்று கேட்பார்கள். உனக்குப் பூஜ்யம் போட்டது எனக்குக் கடுமையாகத்தான் படுகிறது. நான் என்றால் திருத்தித் தரச் சொல்லியிருப்பேன்.

சாயமாஸ்டர் (வியாழன், இரவு 8.10)

எனக்கு ஒரு சந்தேகம். உப்பு துணியில் தங்காது என்பது திருப்பூரில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். இதற்கு எதற்கு ஒரு புத்தகத்தின் பெயர்? அதே மாதிரி நான் சொன்னதற்கு என் பெயரெல்லாம் வேண்டாம் கண்ணு, எடுத்துக்கொள்.

பக்கம்புரட்டி (வியாழன், இரவு 9.00)

மாஸ்டர், நீங்கள் பெருந்தன்மையாகச் சொல்கிறீர்கள். ஆனால் அந்தப் பெண் நேரில் பேசியோ எழுதியோ தெரிந்துகொண்டதை, 'திருப்பூரில் 26 ஆண்டு பணியாற்றிய ஒரு சாயமேற்றுநர் தெரிவித்தது' என்று தேதியோடு போட வேண்டும். பெயர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், செய்தி எங்கிருந்து வந்தது என்பதை விடக்கூடாது.

எல்லோருக்கும் தெரிந்ததா என்பதில் என் துறையிலேயே சண்டை உண்டு. வாசிப்பவருக்குத் தெரிந்தால் போதும் என்பார் ஒருவர், எழுதுகிறவருக்கு அதைப் படிப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பார் இன்னொருவர். நான் இரண்டாவது கட்சி. நொய்யல்கரைக்குத் திங்கட்கிழமை வரை இது தெரியாது. அந்தப் புத்தகத்தில்தான் தெரிந்துகொண்டாள், ஆகையால் பெயர் போட வேண்டும்.

கொடிவேரி (வியாழன், இரவு 9.25)

இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். அப்படிப் பார்த்தால் 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டியதைக்கூட எந்தப் புத்தகத்தில் முதலில் படித்தேன் என்று தேட வேண்டியிருக்கும். எந்த நூலைத் திறந்தாலும் இருக்கிற செய்திக்கு ஒரே ஒருவர் பெயரைப் போடுவது அவருக்குத் தேவையில்லாத பெருமை.

நொய்யல்கரை (வெள்ளி, மாலை 6.40)

இன்று கொடுத்துவிட்டேன். கடைசியாக எழுதியது இது:

"நிறம் போய்த் தெளிந்துவிட்டதால் மட்டும் சாயக்கழிவு நல்ல தண்ணீராகிவிடாது. வழக்கமான சுத்திகரிப்பில் நிறமும் கரிமக் கழிவும் நீங்கினாலும் கரைந்த உப்பு நிற்கிறது என்கிறார் (ஆசிரியர், ஆண்டு, பக்கம்). அவர் கணக்குப்படி, பருத்திக்குச் சாயமேற்றப் போடும் உப்பில் துணியில் ஏறக்குறைய எதுவுமே தங்குவதில்லை. அடர் நிறமென்றால் அந்த உப்பு லிட்டருக்கு 80 கிராம் வரைகூடப் போகலாம் (அதே பக்கம்). கிலோவுக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், அந்த உச்ச அளவில் 100 கிலோ துணிக்கு 64 கிலோ உப்பு ஆகும் என்று திருப்பூரில் 26 ஆண்டு பணியாற்றிய சாயமேற்றுநர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார்."

சோடாவை எடுத்துவிட்டேன், என் அத்தியாயத்துக்கு அது தேவைப்படவில்லை. கைடு இந்தப் பத்தியில் கோடு போடவில்லை. ஆனால் 'அதே பக்கம்' வேண்டாம், ஒவ்வொரு முறையும் முழுதாகப் போடு என்றார். பக்கத்து வகுப்பு மேடம் பத்திக்கு ஒருமுறை போதும் என்கிறார்களாம். எங்கள் கைடு சொல்கிறபடியே செய்துவிடுகிறேன். மாஸ்டர், உங்களைக் குறிப்பிட்ட வரியைக் கைடு இரண்டு முறை படித்தார். உங்களை நேரில் பார்த்துப் பேசி இன்னும் கேட்டு எழுதச் சொல்கிறார். அடுத்த ஞாயிறு அம்மாவோடு திருப்பூர் வரலாமா?

சாயமாஸ்டர் (வெள்ளி, இரவு 8.30)

வா கண்ணு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. பழைய லாட் கார்டு நாலைந்து வைத்திருக்கிறேன், எந்த நிறத்துக்கு எவ்வளவு உப்பு என்று அதிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்து எழுதிக்கொள்.